மாதவிலக்கை ஒட்டி வரும் வலிப்பு

"அமாவாசை வந்தா இவளுக்கு இழுப்பு வந்துடும் டாக்டர்." சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் அம்மாக்கள் சொல்வது இது. மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்று அவர்கள் கவனித்தது சரிதான். காரணத்தைத்தான் வேறிடத்தில் தேட வேண்டும்.

24 வயதுப் பெண் ஒருவர் தினமும் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை. வீட்டுச் சுவர் நாட்காட்டியில் மாதவிலக்கு தொடங்கும் நாளுக்கு வட்டமும் வலிப்பு வந்த நாளுக்குப் பெருக்கல் குறியும் போடச் சொன்னேன். மூன்று சுழற்சிகளில் ஒன்பது பெருக்கல் குறிகள். அவற்றில் ஏழு, வட்டத்துக்கு முந்தைய மூன்று நாட்களிலோ, உதிரம் தொடங்கிய முதல் மூன்று நாட்களிலோ இருந்தன. அதாவது 84 நாட்களில் 18 நாட்களுக்குள் ஏழு. மீதி 66 நாட்களில் இரண்டே. அவருடைய சுழற்சி 28 நாள். அமாவாசை ஏறக்குறைய 29½ நாளுக்கு ஒருமுறை வருவதால், முதல் மாதம் இரண்டும் ஒட்டி வந்தன, அப்புறம் விலகிவிட்டன.

கருமுட்டை வெளியான பிறகு உடலில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும். அது சிதைந்து உண்டாகும் அலோபிரெக்னனலோன் மூளை நரம்புகளின் பரபரப்பை அடக்கும். மாதவிலக்குக்குச் சற்று முன் புரொஜெஸ்டிரோன் சட்டென்று இறங்க, அந்த அடக்கமும் போய்விடுகிறது. இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரஜனோ நரம்புகளைத் தூண்டும் பக்கம் நிற்பது. சிலருக்குச் சுழற்சியின் நடுவில் கருமுட்டை வெளியாகும் சமயத்தில் வலிப்பு கூடும்; அதனால் முழு மாதத்தையும் குறிக்க வேண்டும்.

இந்தப் பெண்ணுக்குத் தினசரி மருந்தை மாற்றாமல், மாதவிலக்கு எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து பத்து நாள் மட்டும் இரவில் குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்தோம். தினமும் கொடுத்தால் சிலருக்கு நாளடைவில் அதன் பலன் குறையும். இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது அந்தச் சிக்கல் குறைவு. அந்த நாட்களில் தூக்கக் கலக்கம் வரும் என்றும், வலிப்பு நிற்காதவரை எந்த நாளிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்றும் சொன்னேன். முன்பு ஏழு வலிப்பு வந்த அந்த மாதவிலக்கை ஒட்டிய நாட்களில், அடுத்த மூன்று சுழற்சிகளில் வந்தது இரண்டு. சுழற்சி ஒழுங்காக வராத பெண்ணுக்கு இந்த வழி எளிதல்ல, எந்த நாளில் தொடங்குவது என்றே தெரியாது.

புரொஜெஸ்டிரோனையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2012இல் வெளியானது. மொத்தத்தில் அது பலன் காட்டவில்லை. மாதவிலக்கை ஒட்டி வலிப்பு மூன்று மடங்கோ அதற்கு மேலோ கூடுகிற பெண்களுக்கு மட்டும் உதவும் என்ற அறிகுறி தெரிந்தது.

கோயில் திருவிழா வந்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் மாத்திரை வாங்குவது நம் பெண்களிடம் சாதாரணம். அதுவும் ஒருவகைப் புரொஜெஸ்டிரோன்தானே, வலிப்பையும் தடுக்குமே என்று இந்தப் பெண்ணும் கேட்டார். அது செயற்கை வகை. உடலில் அலோபிரெக்னனலோனாக மாறாது. கார்பமசெபின், ஃபெனிடோயின் போன்ற வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதன் பலனும் குறைந்துவிடும். அதனால் ஃபார்மசியில் அதைக் கேட்கும்போதே வலிப்பு மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்.