அண்ணே, இதே மாதிரி ஒண்ணு

போன வாரம் வேதாரண்யத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி, திருவாரூரில் இருக்கும் என் கடைக்கு இரண்டாவது தடவையாக வந்தார். கையில் நான் கொடுத்தனுப்பிய அதே கதவுக் கைப்பிடி. "பாக்க அச்சு அசலா இதேதாண்ணே, ஆனா பூட்டோட சாவித் துவாரம் கீழ இருக்கு, இந்தத் தகட்டு ஓட்டை மேல நிக்குது" என்றார். இந்த மாதத்தில் இப்படி மூன்றாவது ஆள். பாதித் தப்பு என்னுடையது, படத்தைப் பார்த்துக் கொடுத்தேனே.

எல்லாருக்கும் இருக்கும் ஒரே நினைப்பு, பார்க்க ஒன்றுபோல இருந்தால் பொருந்திவிடும் என்பது. பொருந்தாதுங்க. நீளத் தகடு வைத்த கைப்பிடியில் தகட்டு நீளம், வளைவு, பாலீஷ் எல்லாம் வெறும் அழகு. கதவுக்குள் இருக்கும் மார்ட்டிஸ் பூட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே தூரம்: கைப்பிடியைத் திருப்பும்போது கூடவே திரும்பும் சதுரக் கம்பியின் நடுவிலிருந்து, சாவித் துவாரத்தின் வட்டப் பகுதியின் நடு வரைக்கும் எவ்வளவு. என் கடையில் ஒரே டிசைன் கைப்பிடி 72 மி.மீ.யிலும் இருக்கும், 85 மி.மீ.யிலும் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். படத்தில் தெரியவே தெரியாது. நெட்டில் படத்தைப் போட்டுத் தேடி "இதேதான்" என்று ஆர்டர் போடுகிறவர்கள் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் இதனால்தான்.

வேதாரண்யத்துக்காரர் விவரமானவர், அளவு தெரியட்டும் என்று பத்து ரூபாய் நாணயத்தோடு படம் எடுத்திருந்தார். அது 27 மி.மீ. அகலம். படத்தில் நான் சொன்ன தூரம் நாணயத்தைப் போல 2.6 மடங்குக்குக் கொஞ்சம் கூட இருந்தது, பெருக்கினால் 71 வந்தது, சரி 72தான் என்று எடுத்துக் கட்டிவிட்டேன். ஆனால் அவர் நாணயத்தைக் கதவில் ஒட்டவில்லை, விரலில் பிடித்துக் கைப்பிடிக்கு முன்னால் நீட்டியிருக்கிறார். போன் கதவிலிருந்து ஓரடியில், நாணயம் கதவிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால். போனுக்குப் பத்து அங்குலத்தில் இருக்கும் நாணயம், பன்னிரண்டு அங்குலத்தில் இருக்கும் தகட்டைவிட 1.2 மடங்கு பெரிசாகத் தெரியும். 71-ஐ 1.2-ஆல் பெருக்கிப் பாருங்கள், 85. இந்தக் கணக்கை அவர் திரும்பி வந்த பிறகுதான் போட்டேன், என்ன பிரயோஜனம்.

அதனால் நாணயமோ ஸ்டீல் ஸ்கேலோ தகட்டின்மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். ஒரு சோற்றுப் பருக்கை போதும், நாணயம் நிற்கும். (ஏடிஎம் கார்டை வைத்துப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். நம்பரோடு ஒருத்தர் அனுப்பினார், பார்த்த எனக்குத்தான் பதறியது.) கிட்டே போய் எடுக்காமல் மூன்றடி தள்ளி நின்று, போனைக் கைப்பிடி உயரத்துக்கு நேராகப் பிடித்து, கொஞ்சம் ஜூம் வைத்து எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தகடு குறுகித் தெரியும், அதை வைத்து நான் என்ன அளப்பது?

இன்னும் நல்லது, ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டைத் திருப்பிப் போட்டு, ஸ்கேலைச் சேர்த்து வைத்து எடுப்பது. சதுர ஓட்டையும் சாவி ஓட்டையும் அங்கே மறைவில்லாமல் தெரியும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கழற்றுங்கள், தயவுசெய்து. சாத்திவிட்டுக் கழற்றினால் உள்ளே இருக்கிறவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான், அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைச் சதுர ஓட்டையில் விட்டுத் திருகிக்கொண்டு நிற்பீர்கள். கதவின் ஓரப் பட்டியையும் ஒரு படம் எடுங்கள், பூட்டின் பெயரும் நம்பரும் பெரும்பாலும் அங்கேதான் அடித்திருக்கும்.

அலமாரிக் கைப்பிடி என்றால் முன்பக்கப் படமே வேண்டாம். கதவைத் திறந்தால் உள்பக்கம் இரண்டு ஸ்க்ரூ தலை தெரியும், ஒன்றின் இடது ஓரத்திலிருந்து அடுத்ததின் இடது ஓரம் வரை அளந்து சொல்லுங்கள், நடுவைத் தேட வேண்டியதில்லை. 96, 128, 160 என்று ஏதாவது வரும். பழைய வீட்டு அலமாரியில் நாலு அங்குலம், அதாவது நூற்றி ஒன்றரைக்குக் கொஞ்சம் கூட வரும், அதற்கு 96 போடலாமா என்று கேட்காதீர்கள்.

கீலுக்கும் இதே கதைதான். பட்டிக் கீலை விரித்து வைத்து எடுங்கள். அலமாரியின் கிண்ணக் கீல் என்றால் பக்கவாட்டில் எடுங்கள், அதன் கை நேராக இருக்கிறதா, கொஞ்சம் வளைந்ததா, நன்றாக வளைந்ததா என்பதுதான் எனக்கு வேண்டும். முன்னால் காட்டுகிற கிண்ணம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 35 மி.மீ.தான், அதை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது. பித்தளையா, பித்தளை முலாமா என்று படம் சொல்லாது, காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு.

வேதாரண்யத்துக்காரருக்கு 85 எடுத்துக் கொடுத்தேன். பஸ் காசு தருகிறேன் என்றதற்கு வாங்க மறுத்துவிட்டார். இரவு ஒரு படம் வந்தது, கைப்பிடி சரியாக உட்கார்ந்திருந்தது. பழக்கதோஷம், பக்கத்தில் விரலில் பிடித்த பத்து ரூபாய்.