பரிசுப் பணத்தில் வரி பிடித்துவிட்டார்கள், அப்புறம் ஏன் நோட்டீஸ்?

இந்த மாதம் இது மூன்றாவது ஆள். மூன்று பேரும் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "வரியைப் பிடிச்சிட்டுத்தானே சார் குடுத்தாங்க, அப்புறம் எதுக்கு நோட்டீஸ்?" மூன்றாவதாக வந்தவர் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நோட்டீஸைக் கைபேசியில் காட்டும்போதே கை நடுங்கியது. தப்பு எதுவும் செய்யாமல், ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர் சொன்னதைக் கேட்டதற்காக அவர் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். 2024 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சியில் 5 லட்சம் ரூபாய் ஜெயித்தார். நிகழ்ச்சி நடத்தியவர்கள் 30 சதவீதம், அதாவது 1,50,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதி 3,50,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

ரிட்டர்ன் போடப் போன இடத்தில்தான் கோளாறு. "உங்க சம்பளத்துக்கு வரியே வராது, பிடிச்ச ஒன்றரை லட்சமும் ரீஃபண்ட் வந்துரும்" என்று அந்த சென்டரில் சொல்லியிருக்கிறார்கள். ஐடிஆர்-1 படிவத்தில் சம்பளத்தைப் போட்டு, "இதர வருமானம்" என்ற இடத்தில் 3,50,000 என்று எழுதி, 1,50,000 ரூபாயையும் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு இடிக்காது. நிலையான கழிவு 75,000 போக சம்பளம் 2,85,000. அதோடு 3,50,000 சேர்த்தால் 6,35,000. அந்த வருடம் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம் என்று திரை காட்டியது. அதை நம்பி அவர் ரீஃபண்டுக்குக் காத்திருந்தார். வந்தது வருமான வரிச் சட்டத்தின் 139(9) பிரிவின் கீழ் நோட்டீஸ். ரிட்டர்ன் குறைபாடுள்ளது, டிடிஎஸ்ஸைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதற்குரிய வருமானத்தைக் காட்டவில்லை, 15 நாளில் சரிசெய்யுங்கள் என்றது அது.

இதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது அந்த 3,50,000. "கையில வந்தது அவ்வளவுதானே சார்" என்கிறார்கள். கையில் வந்தது வருமானம் இல்லை. நீங்கள் ஜெயித்ததுதான் வருமானம். உங்கள் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள். பி.எஃப். பிடித்தம் போக மீதி வங்கிக்கு வருகிறது. யாராவது அந்த மீதியை மட்டும் சம்பளம் என்று ரிட்டர்னில் காட்டுவீர்களா? இதுவும் அப்படித்தான். அந்த ஒன்றரை லட்சம் உங்கள் பணம். உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில், உங்களுக்காக அரசாங்கத்திடம் கட்டப்பட்ட வரி. 198-வது பிரிவே அப்படிப் பிடித்த வரியும் உங்களுக்கு வந்த வருமானம்தான் என்று சொல்கிறது. அந்த ஒன்றரை லட்சத்தை வருமானத்தில் காட்டாமல், அதையே கட்டிய வரி என்று கணக்கில் கேட்பது எப்படிப் பொருந்தும்? துறையின் கணினிக்குத் தெரிவது அதுதான். உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் அறிக்கையில் 5,00,000 இருக்கிறது, ரிட்டர்னில் 3,50,000 இருக்கிறது. அந்த இடைவெளியே நோட்டீஸ் வரப் போதும்.

இரண்டாவது தப்பு, பரிசுப் பணத்தைச் சம்பளத்தோடு கலந்து, வருமானம் ஏற ஏற விகிதம் கூடும் சிலாப் கணக்குப் போட்டது. லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி, சீட்டாட்டம், தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சி இதிலெல்லாம் வரும் பரிசுக்கு 115பிபி என்று தனிப் பிரிவு. வரி நேராக 30 சதவீதம். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குக் கிடையாது. பரிசு வாங்கப் போய்வந்த ரயில் டிக்கெட்டு, லாட்டரிச் சீட்டு வாங்கிய செலவு எதையும் கழிக்க முடியாது. இவருடைய சம்பள வருமானம் 3 லட்சம் வரம்புக்கு 15,000 ரூபாய் குறைவு. அந்த 15,000-ஐப் பரிசுத் தொகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது. (நம்மூர் ஏலச்சீட்டில் எடுத்த பணத்தையும் "பிரைஸ்" என்கிறோம். அது லாட்டரிப் பரிசு இல்லை. அதை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சரியான கணக்கு இதோ. 5,00,000-க்கு 30 சதவீதம் 1,50,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 6,000. ஆக 1,56,000. சம்பளத்துக்கு வரி இல்லை. பிடித்தது 1,50,000. எனவே ரீஃபண்ட் வராது, அவர்தான் இன்னும் 6,000 ரூபாய் கட்ட வேண்டும். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த ஒன்றரை லட்சத்தை நம்பித் தங்கைக்கு ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்.

பரிசு கொடுப்பவர் 30 சதவீதம்தான் பிடிப்பார். இந்தியாவில் வசிப்பவருக்கு டிடிஎஸ் பிடிக்கும்போது செஸ்ஸும் சர்சார்ஜும் சேராது. ஆகவே பிடித்ததோடு கணக்கு முடியாது. சின்னப் பரிசில் இந்த மிச்சம் சில ஆயிரம்தான். கேரளா லாட்டரியில் பெரிய தொகை அடித்தவர்கள்தான் உண்மையில் அடிபடுகிறார்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின்மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் வரும், அதற்கு மேல் போகப் போகக் கூடும். பிடித்தத்துக்கு உட்பட்ட தொகை 60 லட்சம், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தது 18 லட்சம். மொத்த வரி 20,59,200. அதாவது 2,59,200 ரூபாயைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். பாக்கி 10,000-ஐத் தொட்டாலே முன்கூட்டிய வரிக் கட்டுப்பாடு வந்துவிடும். மார்ச் 15-க்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும். பரிசு வந்த கையோடு நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இந்தத் தொகையை எடுத்துத் தனியாக வையுங்கள்.

இனி சான்றிதழ். நிகழ்ச்சிக்காரர்கள் கொடுத்தது என்று அவர் ஒரு தாளை நீட்டினார். லெட்டர்ஹெட்டில் "வருமான வரி கழிக்கப்பட்டது" என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டிருந்தது. அது சான்றிதழ் இல்லை. சான்றிதழ் என்றால் ஃபார்ம் 16ஏ. அதை டிடிஎஸ் பிடித்தவர் வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான TRACES-இலிருந்துதான் இறக்க முடியும். சான்றிதழ் எண், பிடித்தவரின் டான் எண், உங்கள் பான், எந்தப் பிரிவு, எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள், எந்தக் காலாண்டு என்று எல்லாம் அதில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடுத்த பரிசுக்கு அடுத்த பிப்ரவரி 15-க்குள் கொடுத்திருக்க வேண்டும். மின்னஞ்சல் போட்டுக் கேட்டோம், ஒரு வாரத்தில் அனுப்பினார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை.

16ஏ கைக்கு வந்ததும் ஃபைலில் சொருகிவிடாதீர்கள். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ்ஸைத் திறந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் பான் எண், ஒவ்வொரு எழுத்தாக. ஒரு எழுத்து பிசகினால் உங்கள் வரி வேறு யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்காரும். அடுத்து, பிரிவு 194பி என்று இருக்கிறதா. சில கணக்குப் பிரிவினர் பழக்கதோஷத்தில் பரிசையும் தொழில்முறைக் கட்டணமாக 194ஜே-யில் போட்டுவிடுகிறார்கள். இணைய விளையாட்டு என்றால் பிரிவே வேறு, 194பிஏ. கடைசியாக, 26ஏஎஸ்ஸில் ஸ்டேட்டஸ் என்ற கட்டத்தில் F என்ற எழுத்து வேண்டும். பணம் அரசுக் கணக்கில் சேர்ந்து பொருந்திவிட்டது என்று அர்த்தம். U என்றிருந்தால் பொருந்தவில்லை.

இதில் எது தப்பாக இருந்தாலும் உங்களால் திருத்த முடியாது. பிடித்தவர்தான், காலாண்டுதோறும் துறைக்குத் தாக்கல் செய்யும் 26க்யூ டிடிஎஸ் அறிக்கைக்குத் திருத்தம் போட வேண்டும். எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டு அவர்கள் கட்டாமலே போயிருந்தால், பிடித்த அளவுக்கு உங்களிடம் வரி கேட்கக் கூடாது என்று 205-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பிடித்ததற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த லெட்டர்ஹெட் தாளையும் வங்கிப் பதிவையும் தூக்கிப்போடாதீர்கள் என்கிறேன்.

ரிட்டர்னில் எங்கே காட்டுவது? ஐடிஆர்-1 இதற்கு ஆகாது. சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-2. அதில் இதர வருமானத்துக்கான Schedule OS பகுதியில் 115BB என்ற வரிசை இருக்கும், மொத்தத் தொகை 5,00,000 அங்கேதான் போக வேண்டும். அதே பகுதியின் கீழே பணம் வந்த தேதிக்கு ஏற்ப ஒரு பட்டியல் கேட்கும். நவம்பரில் வந்த பணம் செப்டம்பர் 16 முதல் டிசம்பர் 15 வரையான கட்டத்தில் விழும். அதை விட்டுவிடுபவர்கள் நிறைய. பாக்கி 6,000 ரூபாயைச் சுய மதிப்பீட்டு வரி என்ற தலைப்பில், மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கட்டி, சலான் எண்ணை ரிட்டர்னில் ஏற்றினோம். நோட்டீஸுக்குப் பதிலை e-Proceedings பகுதியில், திருத்திய ஐடிஆர்-2 உடன் பன்னிரண்டாவது நாள் அனுப்பினோம். 15 நாளைத் தாண்டவிட்டிருந்தால், அவகாசமும் கேட்காமல் இருந்திருந்தால், ரிட்டர்னே போடாத கணக்காகிவிட்டிருக்கும்.

சிலர் கேட்பதற்காக ஒன்று. 10,000 ரூபாய்க்குள் பரிசு என்றால் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள், ஆனால் ரிட்டர்னில் அதையும் இதே இடத்தில்தான் காட்ட வேண்டும். காராகவோ நகையாகவோ பரிசு கிடைத்தால், பொருளைக் கையில் கொடுக்கும் முன்பே வரி கட்டப்பட்டிருக்க வேண்டும். சாவி வாங்கும்போதே அந்தச் சலானின் நகலைக் கேளுங்கள். ரொக்கப் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரியை எங்கள் கணக்குக்கு அனுப்புங்கள் என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடுங்கள். ரொக்கப் பரிசில் வரியை அந்தப் பணத்திலிருந்தே பிடிப்பார்கள், உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் நான் சொன்ன பிரிவு எண்கள் இனிமேல் மாறித் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டுகளின் பரிசுக்கு வரும் நோட்டீஸில் பழைய எண்கள்தான் இருக்கும்.

அந்த நர்ஸ் கிளம்பும்போது, ரீஃபண்ட் வாங்கித் தருவதற்காக அந்த சென்டர் 3,000 ரூபாய் முன்கூட்டியே வாங்கியிருப்பதாகச் சொன்னார். ரீஃபண்ட் தொகைக்கு ஏற்றபடி கட்டணம் கேட்பவரிடம் தயவுசெய்து உங்கள் ரிட்டர்னைக் கொடுக்காதீர்கள். தப்பாகக் கேட்ட ரீஃபண்ட் கணக்கில் வந்தே விட்டாலும் அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், அபராதமும் விழலாம். நோட்டீஸ் வருவது உங்கள் பான் எண்ணுக்கு.