ஒரே பத்தியில் ஏழு பரிசுகள்

நாகர்கோவிலில் கல்லூரி ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்து, இப்போது மாணவர்களின் விண்ணப்பக் கடிதங்களைப் படித்துத் திருத்தும் வேலையைச் செய்து வருகிறேன். மேற்படிப்புக்கும் வெளிநாட்டு உதவித்தொகைக்கும் எழுதும் கடிதங்கள்தான் அதிகம் வரும். குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கிருந்து வந்தாலும், கடிதத்தின் மூன்றாவது பத்தியை எடுத்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ரெஸ்யூமேயில் 'பரிசுகளும் சாதனைகளும்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் வரிகளை அப்படியே தூக்கி, நடுவில் 'மேலும்', 'அத்துடன்' போட்டு ஒட்டியிருப்பார்கள்.

போன வருஷம் ஒரு மாணவி அவளுடைய அப்பாவோடு வந்தாள். கடற்கரை ஊர். அப்பா பாறைகளில் முங்கிச் சிப்பி எடுப்பவர். பெண் விலங்கியல் இளங்கலை முடித்துவிட்டு, ஐரோப்பாவில் கடல் உயிரியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள். அப்பாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. ஒவ்வொரு சான்றிதழையும் லேமினேஷன் பண்ணி வைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழின் ஓரம் பிரிந்துபோய், அதற்கு மேல் டேப் ஒட்டியிருந்தது. "எல்லாம் கடிதத்துல வரணும் மேடம், ஒண்ணும் விட்டுரக் கூடாது" என்றார். அந்தக் கோப்பைச் சேர்த்து வைத்த மனிதர் வேறு எப்படிச் சொல்வார்?

அவள் எழுதி வந்த பத்தி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் பள்ளியில் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் தேர்ச்சி பெற்று உதவித்தொகை பெற்றேன். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் முதலிடம் பெற்றேன். மேலும் இன்ஸ்பயர் உதவித்தொகை எனக்கு வழங்கப்பட்டது. புதுமைப் பெண் உதவித்தொகையும் வழங்கப்பட்டது. பல்கலைக்கழக அளவில் மூன்றாம் இடம் பெற்றேன். கல்லூரி ஆய்வுத் திட்டப் போட்டியில் முதல் பரிசும், வினாடி வினாவில் இரண்டாம் பரிசும் பெற்றேன்.'

ஏழு பரிசு, ஏழும் உண்மை. ஆனால் இந்த ஏழும் அவளுடைய ரெஸ்யூமேயில் ஏற்கெனவே ஆண்டோடு இருக்கின்றன. தேர்வுக் குழு கடிதத்தையும் ரெஸ்யூமேயையும் சேர்த்தே படிக்கிறது. ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் ஒரு பத்தியை அதே செய்திக்குக் கொடுத்தால், படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு விஷயம், பத்தியிலுள்ள எல்லா வாக்கியமும் 'பெற்றேன்', 'வழங்கப்பட்டது' என்றே முடிகிறது. யாரோ கொடுத்திருக்கிறார்கள், இவள் வாங்கியிருக்கிறாள். இவள் என்ன செய்தாள் என்பது ஒரு வரியில்கூட இல்லை. "மக்ளே, இதுல உன்னக் காணலியே" என்றேன்.

இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். பரிசின் பெயரை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு, வாக்கியத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. 'இன்ஸ்பயர் உதவித்தொகை எனக்கு வழங்கப்பட்டது' என்பதில் முதல் இரண்டு சொற்களை அடித்தால் 'எனக்கு வழங்கப்பட்டது' மட்டும் நிற்கும். அது ரெஸ்யூமே வரி, அங்கேயே இருக்கட்டும். பெயரை அடித்த பிறகும் ஒரு வேலையோ ஒரு கேள்வியோ மிஞ்சினால் அது கடிதத்துக்கு உரியது. அவளுடைய ஏழு வரியும் இந்தச் சோதனையில் காலியாகிவிட்டன.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். எது போட்டியில் கிடைத்தது, எது தகுதி இருந்தாலே கிடைப்பது என்பதை முதலில் பிரித்தோம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கான திட்டம் அது. நல்ல திட்டம், அவளுடைய பஸ் செலவு அதில்தான் நடந்தது. ஆனாலும் யாரையும் ஜெயித்து வாங்கியது இல்லை. 'வழங்கப்பட்டது' என்று பரிசுகளின் நடுவே அதை வைத்தால், நேர்காணலில் "எத்தனை பேரில் தேர்வானீர்கள்?" என்று கேட்கும்போது பிள்ளை விழிக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகையை இப்படி 'விருது' என்று எழுதிய பொறியியல் மாணவர்கள் சிலரையும் பார்த்திருக்கிறேன். சலுகை விருது ஆகாது. ஆனால் 'எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்' என்பது கனமான செய்தி. அதை நேராக, அந்தச் சொற்களிலேயே எழுதிவிடலாம்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வில் சிக்கல் வேறு மாதிரி. ஒன்பதாம் வகுப்பில் எழுதும் தேர்வு அது. மாவட்டத்துக்கு 50 மாணவர்கள், 50 மாணவிகள் என்று தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு முடியும்வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருகிறார்கள். நம் ஊரில் அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் பேராசிரியருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது, தொகையை அவர் நாட்டுப் பணத்தில் மாற்றிப் பார்த்தால் இன்னும் குழம்புவார். அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் பெயருக்குப் பதிலாக 'மாவட்டம் முழுவதிலும் 50 மாணவிகளுக்கு மட்டும் கிடைக்கும் கிராமப்புற உதவித்தொகை' என்று விளக்கத்தை எழுத வேண்டும். ஆனால் முதுகலைக்கு எழுதும் கடிதத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் தேவையில்லை என்பது என் கருத்து. ரெஸ்யூமேயில் அந்த விளக்கத்தோடு ஒரு வரியாக வைத்தோம். பள்ளி முதலிடமும் வினாடி வினாவும் அதோடு போயின. அப்பாவுக்கு மனசு வரவில்லை. ரெஸ்யூமேயில் அந்த வரியைக் காட்டிய பிறகுதான் கோப்பை மூடினார்.

மிஞ்சியது மூன்று: இன்ஸ்பயர், ஆய்வுத் திட்டப் பரிசு, பல்கலைக்கழக மூன்றாம் இடம்.

இன்ஸ்பயர் பற்றிப் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் 20,000 ரூபாய் கோடைகால ஆய்வுக்கானது. ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். கடிதத்துக்கு வேண்டியது அந்த ஆய்வுதான். நான் அவளிடம் கேட்டது, "அந்தக் கோடையில் என்ன செய்தாய்?" என்ற ஒரே கேள்வி. அதுவரை 'ஆமா மேடம், இல்ல மேடம்' என்று இருந்தவள் நாற்பது நிமிஷம் பேசினாள். இடையிடையே அப்பாவும் சேர்ந்துகொண்டார். எந்தப் பாறையில் எந்த மாதம் சிப்பி எப்படி இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவள் பேசியதை வைத்து அவளே எழுதிய புதிய பத்தி இது: 'என் அப்பா எங்கள் ஊர்ப் பாறைகளில் முங்கிச் சிப்பி எடுப்பவர். சிப்பி முன்பு போலப் பெரிதாக இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதை அளந்து பார்க்க முடியுமா என்ற கேள்வியைத்தான் இன்ஸ்பயர் உதவித்தொகையின் கோடைகால ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அடிக்கடி சிப்பி எடுக்கும் ஒரு பாறையிலும், ஆட்கள் அதிகம் போகாத இன்னொரு பாறையிலும் ஆறு வாரத்தில் 1,240 சிப்பிகளின் நீளத்தை அளந்தேன். முதல் பாறையில் சராசரி 41 மில்லிமீட்டர், இரண்டாவதில் 56. இந்த வித்தியாசத்துக்குச் சிப்பி எடுப்பதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு இடத்திலும் அலையின் வேகம் வேறு, அதை நான் அளக்கவில்லை. கல்லூரிப் போட்டியில் இந்த ஆய்வுக்கு முதல் பரிசு கொடுத்த நடுவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அதற்குப் பதில் தேடும் முறையைக் கற்றுக்கொள்ளவே உங்கள் இரண்டாம் பருவக் களஆய்வுப் பாடத்துக்கு வர விரும்புகிறேன்.'

இரண்டு பரிசும் இதில் இருக்கின்றன, ஆனால் எந்த வாக்கியமும் பரிசுக்காக எழுதப்படவில்லை. உதவித்தொகை, ஆய்வு எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வருகிறது. முதல் பரிசு, நடுவரின் கேள்வியைச் சொல்ல வருகிறது. பென்சிலை எடுத்து 'இன்ஸ்பயர்', 'முதல் பரிசு' என்ற சொற்களை அடித்துப் பாருங்கள், சிப்பியும் பாறையும் 41-ம் 56-ம் அப்படியே நிற்கும். அளக்காமல் விட்டதை அவள் ஒப்புக்கொண்ட வரியை எடுத்துவிடச் சொல்லி வீட்டில் ஒருவர் யோசனை சொன்னாராம். வேண்டாம் என்றேன். அடுத்து அவள் என்ன படிக்கப் போகிறாள், ஏன் என்பதற்கு அந்த வரிதான் காரணம். அது போனால் கடைசி வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

இந்த முறை ஓரிடத்தில் உதவாது. சில உதவித்தொகை விண்ணப்பங்களில் 'நீங்கள் பெற்ற பரிசுகளைக் குறிப்பிடுக' என்று தனிப் பெட்டியே இருக்கும். அங்கே பட்டியல்தான் கேட்கிறார்கள், பட்டியலே கொடுங்கள்.

இனி அந்த மூன்றாம் இடம். ரேங்க் என்பது எத்தனை பேரில் என்று தெரியாமல் அர்த்தமாகாது. கேட் தேர்வு எழுதியவர்களுக்குக் கவலை இல்லை, அந்தத் தாளை எத்தனை பேர் எழுதினார்கள் என்பது மதிப்பெண் அட்டையிலேயே அச்சாகி வரும். அகில இந்திய ரேங்கோடு அந்த எண்ணையும் சேர்த்து எழுதினால் போதும். பல்கலைக்கழக ரேங்கில் அப்படிக் கையில் எண் இருக்காது. அவள் முதலில் 'ஆயிரக்கணக்கான மாணவர்களில்' என்று எழுதியிருந்தாள். எங்கிருந்து வந்த எண் என்று கேட்டேன், சும்மா போட்டது என்றாள். காகிதத்தில் இல்லாத எண்ணைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். யாராவது சரிபார்த்தால் 1,240 சிப்பியையும் சேர்த்து நம்ப மாட்டார்கள்.

அதோடு, 'மற்றவர்களைவிட நான் மேல்' என்று தன்னைப் பற்றித் தானே எழுதும் வாக்கியம் எப்படி எழுதினாலும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். அதையே ஆசிரியர் எழுதினால் துருத்தாது. பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர்தான் வகுப்பில் எல்லோரையும் பார்த்தவர், ஒப்பிட்டுச் சொல்ல அவருக்குத்தான் உரிமை. ஆனால் பரிந்துரை எழுதுகிறவருக்கு இது பெரும்பாலும் நினைவில் இருக்காது, நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ரேங்க் சான்றிதழின் நகலையும், தன் கடிதத்தில் ரேங்கைச் சொல்லவில்லை என்ற குறிப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்த் துறைத் தலைவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் தன் கடிதத்தில் இரண்டு வரி எழுதினார்: வகுப்பில் 48 பேர், இவள் முதலாவது, பல்கலைக்கழகத்தில் மூன்றாவது. அதற்கு அடுத்த வரியில், மழைக்காலத்திலும் செய்முறை வகுப்புக்கு ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்று அவரே சேர்த்திருந்தார். நாங்கள் கேட்காதது அது.