சுழலாத ரேடியேட்டர் விசிறி: பிழை ரிலேயிலா, சுவிட்சிலா, ஃபியூஸிலா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக ஓடும்போது வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. பாடி சந்திப்பின் சிக்னலில் சில நிமிடங்கள் நின்றால் மட்டும் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. வண்டி நகர்ந்ததும் மீண்டும் இறங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்து காணப்பட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது ரேடியேட்டரின் மின்விசிறியைத்தான். வேகமாகச் செல்லும்போது முன்பக்கக் கிராதி வழியே பாயும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது என்பதால், அந்நேரத்தில் விசிறிக்கு வேலையே இல்லை. நிற்கும்போதுதான் அது தேவைப்படுகிறது. சென்னையின் மே மாத நண்பகலில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும் நாட்களில் அது இல்லாமல் தீராது.

அம்பத்தூரில் நண்பர் ஒருவரின் பழைய பெட்ரோல் கார் ஒன்று சரியாக இப்படித்தான் நடந்துகொண்டது. அவர் வழக்கமாகச் செல்லும் பணிமனையில் மோட்டாரை மாற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மோட்டார், ஃபியூஸ், ரிலே, வெப்பநிலை சுவிட்ச் ஆகிய நான்கில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: விசிறி சுழலாது. நான்கிலும் விலை அதிகமானது மோட்டார் என்பதால், அதைக் கடைசியாகக் குற்றம்சாட்டுவதே அறிவுடைமை.

இவ்வகைக் கார்களில் விசிறிக்கு இரண்டு மின்சுற்றுகள் உள்ளன. முதலாவது, பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் தொடுமுனைகளுக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து எர்த்துக்கும் செல்லும் கனத்த சுற்று. அதில் பத்து ஆம்பியருக்குக் குறையாத மின்னோட்டம் பாய்கிறது. இரண்டாவது, ரிலேயினுள் இருக்கும் சுருளுக்கும் ரேடியேட்டரில் திருகப்பட்ட வெப்பநிலை சுவிட்சுக்கும் இடைப்பட்ட மெல்லிய சுற்று; அதில் ஓடுவது ஓர் ஆம்பியரில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். கூலண்டின் வெப்பம் ஏறத்தாழ 92 முதல் 95 டிகிரியை எட்டும்போது சுவிட்ச் மூடிக்கொள்கிறது, சுருள் காந்தமாகிறது, அது தொடுமுனைகளை இழுத்து இணைக்கிறது, விசிறி சுழல்கிறது. வெப்பம் ஐந்து டிகிரி அளவுக்குக் குறைந்ததும் சுவிட்ச் திறந்துகொள்கிறது. இரு சுற்றுகளும் சந்திக்கும் ஒரே இடம் ரிலே என்பதால், அதைக் கழற்றிவிட்டு அதன் தளத்தில் நின்று பார்த்தால் இரண்டு திசைகளிலும் சோதிக்க முடியும்.

மின்சாரத்தைத் தொடும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். என்ஜின் சூடாகியும் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சில்லென்று இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் கூலண்ட் ரேடியேட்டருக்கே வரவில்லை என்று பொருள். கூலண்ட் குறைந்திருந்தாலும் இதே நிலைதான். சுவிட்சின் முனை திரவத்தில் மூழ்காமல் காற்றில் தொங்கும்போது அதற்கு வெப்பம் சரியாக எட்டாது. இவ்விரண்டிலும் விசிறியின் மின்சுற்றில் எந்தக் குறையும் இருக்காது. கூலண்டின் அளவைப் பார்க்க மூடியைத் திறப்பதென்றால் என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும்; அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த கணத்தில் பீறிட்டுக் கொதிக்கும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரெனச் சுழலக்கூடும் என்பதால், இறக்கைகளுக்கிடையே கைவிடுவதற்கு முன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

ஃபியூஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நண்பரின் காரில் இருந்தது 30 ஆம்பியருக்கான பச்சை நிற ஃபியூஸ். அதைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பது போதாது. உள்ளிருக்கும் உலோகப் பட்டையின் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தப்பிவிடும். அது இருக்கும் இடத்திலேயே, முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லாம்ப்பால் தனித்தனியே தொட வேண்டும். இரண்டிலும் விளக்கு எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது. புதிதாகப் போட்டதும் மீண்டும் உருகினால், மோட்டார் இறுகிப்போயிருக்கலாம், அல்லது ஒயர் எங்கோ உடலில் உராய்ந்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீரைக் கடந்துபோகும் வண்டிகளில் மோட்டாரின் பேரிங் துருப்பிடித்து இறுகுவது உண்டு. இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய ஃபியூஸாகப் போட்டுச் சமாளித்தால் அடுத்து உருகுவது ஒயராகத்தான் இருக்கும். நண்பரின் காரில் இரண்டு புள்ளிகளிலும் விளக்கு எரிந்தது, விசிறியும் கைக்கு எளிதாகச் சுழன்றது.

அடுத்து ரிலே. அதன் கால்களின் அருகே 30, 87, 85, 86 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 பாட்டரியிலிருந்து வரும் கால், 87 மோட்டாருக்குப் போகும் கால், 85உம் 86உம் சுருளின் இரு முனைகள். ரிலேயைப் பிடுங்கிவிட்டுத் தளத்தில் அளந்தபோது 30இன் துளையில் 12.5 வோல்ட் இருந்தது. இக்னிஷனைப் போட்டதும் 86இன் துளையில் 12.4 வோல்ட் வந்தது. பின்னர், ஃபியூஸ் பொருத்திய கனமான ஒயர் ஒன்றால் 30, 87 ஆகியவற்றின் துளைகளை இணைத்தோம். விசிறி உடனே முழு வேகத்தில் சுழன்றது. இந்த ஒரே செயல் மோட்டாரையும், அதன் ஒயரையும், எர்த்தையும், ஃபியூஸையும் ஒருசேர விடுவித்துவிடுகிறது. மோட்டாரை மாற்றச் சொன்ன ஆலோசனைக்கு இனி இடமில்லை.

எஞ்சியவை ரிலேயும் சுவிட்சும். கழற்றிய ரிலேயின் 85, 86 கால்களுக்கிடையே மின்தடை 85 ஓம் காட்டியது. இத்தகைய 12 வோல்ட் ரிலேக்களில் 70 முதல் 100 ஓம் வரை இருப்பது இயல்பு என்பதால் சுருள் அறுபடவில்லை. ரிலேயை மீண்டும் பொருத்தி, வெப்பநிலை சுவிட்சின் செருகியைக் கழற்றி, அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக இணைத்தோம். ஒற்றை ஒயர் மட்டும் வரும் கார்களில் அதை என்ஜினின் உலோகத்தில் தொடவைக்க வேண்டும். ரிலே ‘டிக்’ என்று ஒலித்தது. விசிறி அசையவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிக் ஒலி கேட்டுவிட்டால் ரிலே நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடுவது வழக்கம். ஆனால் அந்த ஒலி சுருள் இழுக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. இழுக்கப்பட்ட தொடுமுனைகள் மின்சாரத்தைக் கடத்துகின்றனவா என்பது வேறு கேள்வி. மல்டிமீட்டரும் இங்கே ஏமாற்றும். மோட்டாரின் செருகியைக் கழற்றி அதில் அளந்தபோது 12.3 வோல்ட் காட்டியது. பார்ப்பவருக்கு மின்சாரம் மோட்டார் வரை வந்து சேர்வதாகவே தோன்றும். செருகியை மோட்டாரில் பொருத்தி, அதன் பின்புறமாக மீட்டரின் ஊசியை நுழைத்து அளந்தபோதோ அதே இடத்தில் 1.2 வோல்ட்தான் இருந்தது.

உள்ளே அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயின் திருகை மூடி வைத்திருக்கும் வரை அழுத்தமானி முழு அழுத்தத்தைக் காட்டும், திறந்ததும் சொட்டுதான் விழும். கருகிய தொடுமுனையும் அப்படியே. மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது என்பதால், தொடுமுனையில் சில ஓம் தடை இருந்தாலும் அங்கே வோல்ட் இழப்பு ஏற்படுவதில்லை. நிற்கும் நிலையில் மோட்டாரின் தடை அரை ஓம் என்றும், கருகிய முனையின் தடை ஐந்து ஓம் என்றும் கொண்டால், 12.5 வோல்ட்டில் பதினொன்றில் ஒரு பங்குதான் மோட்டாருக்குக் கிடைக்கும். மீதி முழுவதும் ரிலேக்குள்ளேயே வெப்பமாகிறது. தொட்டுப் பார்த்தபோது ரிலேயின் கூடு சுட்டது அதனால்தான். நல்ல ரிலேயில் விசிறி ஓடும்போது 30க்கும் 87க்கும் இடையே இருக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கமான அளவைப்போல் சில மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் சிறு தீப்பொறி எழுந்து, ஆண்டுக்கணக்கில் அதன் பரப்பை அரித்துவிடுகிறது.

புதிய ரிலேயை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினோம். பழையதன் கால் அமைப்பையும் ஆம்பியர் அளவையும் காட்டி வாங்குவது நல்லது, ஏனெனில் ஒரே உருவத்தில் கால்கள் இடம் மாறிய வகைகளும் விற்கின்றன. பொருத்தி, சுவிட்சின் ஒயர்களை மறுபடி இணைத்ததும் விசிறி ஓடியது. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் சுமார் 10 ஆம்பியர். மோட்டாரின் திறன் 120 வாட் என்பதால் அது சரியான அளவே. இருமடங்கு காட்டியிருந்தால், மோட்டாரின் இறுக்கமே ரிலேயைக் கருக்கியது என்றும் புதிய ரிலேயும் விரைவில் கருகும் என்றும் கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

வேலை இத்துடன் முடிந்துவிடவில்லை. ஒயர்களை இணைத்துச் சோதித்ததில் நாம் சுவிட்சைத் தாண்டிச் சென்றோமே தவிர, அது நல்லதா கெட்டதா என்று இன்னும் அறியவில்லை. என்ஜின் ஆறிய பின் கூலண்டை வடித்துச் சுவிட்சைக் கழற்றி, அதன் பித்தளை முனை மட்டும் மூழ்குமாறு ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் சூடாக்கினோம். மல்டிமீட்டர் 93 டிகிரியில் தொடர்ச்சியைக் காட்டியது; ஆறும்போது 88இல் துண்டித்தது. சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் இங்கே நீர் 100 டிகிரி வரை சூடாகும், சோதனைக்குத் தடையில்லை. ஊட்டியில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே இதைச் செய்பவர் நல்ல சுவிட்சையும் கெட்டதென்று எறிந்துவிடக்கூடும். சுவிட்சின் வழியே ஓடுவது சுருளின் சிறு மின்னோட்டம் மட்டுமே என்பதால், ரிலேக்குப் போதாத மல்டிமீட்டர் இதற்குப் போதும்.

புதிய கார்கள் பலவற்றில் இந்தச் சுவிட்ச் இல்லை. அதற்குப் பதிலாக, வெப்பம் ஏற ஏறத் தடை குறையும் உணரி ஒன்று என்ஜினின் கணினிக்குச் செய்தி அனுப்ப, கணினியே ரிலேயை இயக்குகிறது. உணரி மூடித் திறப்பதில்லை என்பதால் அதில் தொடர்ச்சி பார்ப்பதில் பொருளில்லை. அதன் செருகியைக் கழற்றி என்ஜினை இயக்கினால், உணரி கெட்டதென்று எடுத்துக்கொண்டு பாதுகாப்புக்காக விசிறியை ஓடவிடும் கணினிகள் பல உண்டு. அப்போது ஓடினால் கனத்த சுற்று முழுவதும் நலமே; ஓடாவிட்டால், தனி ரிலே உள்ள கார்களில் 30உம் 87உம் உள்ள அதே தளத்திலிருந்து சோதனையைத் தொடங்கலாம்.