மணிக்கு 50 டாலர் என்றால் வருடத்துக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் ஐடி கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்களுக்கு வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். ஜனவரி வந்தால் போதும், 'லட்சம் டாலருக்கு மேல் வரும் என்றார்களே, எங்கே போனது?' என்று யாராவது வந்துவிடுவார்கள். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். ஏஜென்சிக்காரர் சொன்ன பெருக்கல் அப்படி.

வாரம் 40 மணி, வருடத்துக்கு 52 வாரம், ஆக 2,080 மணி. 50 டாலரால் பெருக்கினால் 1,04,000. நிரந்தர ஊழியருக்கு இது சரி, அவருக்கு லீவு நாளிலும் சம்பளம் உண்டு. மணிக்கூலிக்காரருக்கு டைம்ஷீட்டில் மணி ஏறினால்தான் காசு. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் தரவேண்டும் என்று தனியார் நிறுவனங்களை அங்குள்ள கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சம்பளத்தோடு விடுமுறை உண்டா என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கூட்டரசு விடுமுறை 11 நாள். வருடக் கடைசியில் கம்பெனியை மூடிவிடுவதால் இன்னும் 5 நாள். ஊருக்குப் போக மூன்று வாரம், அதாவது 15 வேலை நாள். மொத்தம் 31 நாள், 248 மணி. மீதி 1,832 மணிக்கு 91,600 டாலர். காய்ச்சல், தலைவலியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

மாதச் சராசரி 7,633 டாலர். சிலர் ஒரு வாரச் சம்பளத்தை நாலால் பெருக்கி 8,000 என்கிறார்கள். மாதத்துக்குச் சுமார் 4.33 வாரம் என்பதால் அது தப்பு. வருடத்தொகையை 12-ஆல் வகுப்பதுதான் முறை. ஆனால் சராசரி எல்லா மாதமும் கைக்கு வராது. 2025 அக்டோபரில் விடுமுறை போக 22 வேலை நாள், 8,800 டாலர். டிசம்பரில் 25-ஆம் தேதியும் அந்த 5 நாளும் போனால் 17 நாள்தான், 6,800. வீட்டு வாடகை இரண்டு மாதமும் ஒன்றே. அதனால் பட்ஜெட்டை மெலிந்த மாதத்தை வைத்துப் போடச் சொல்வேன்.

இதே ஆளுக்கு, அதே அளவு லீவைச் சம்பளத்தோடு தந்து வருடம் 95,000-க்கு ஒரு நிரந்தர வேலை வருகிறது என்று வையுங்கள். முதல் பார்வைக்கு 9,000 குறைவு, உண்மையில் 3,400 அதிகம். 95,000-ஐ 1,832-ஆல் வகுத்தால் 51.86 வரும். கான்ட்ராக்டில் அதற்குக் குறைவாக வாங்கினால் நஷ்டம். மருத்துவக் காப்பீட்டுக்கு யார் கட்டுகிறார்கள் என்பதையும் அப்புறம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பயணத்தை அந்த மூடல் நாட்களோடு ஒட்டிப் போட்டால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். 2025 கணக்குப்படி டிசம்பர் 22 முதல் ஜனவரி 9 வரை போனால், 15 வேலை நாளில் அந்த 5 நாளும் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்த்து 7 நாள் எப்படியும் கம்பெனி மூடியிருக்கும். 2,800 டாலர் லாபம். டிசம்பரில் சென்னைக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாலு பேர் குடும்பமென்றால் அந்த 2,800-ஐ விமானக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும்.