தறிக்கூடத்து வீட்டில் ஃபைபர் லைட் ஏன் குறைகிறது?

சேலத்தில் அம்மாபேட்டை, குகை பக்கம் வீட்டோடு தறிக்கூடம் இருக்கும் இடங்களில் இந்தப் புகார் வழக்கமாக வரும்: "நெட் வருது, ஆனா மோடத்தை லேசா நகர்த்துனா ரெட் லைட் எரியுது." உடனே மோடத்தை மாற்றிப் பயனில்லை. முதலில் பவர் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

கணக்கு இப்படி. எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலிருந்து +3 dBm கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் சுமார் 17 டெசிபல் போகும். நான்கு கிலோமீட்டர் கேபிளில் ஒன்று, கனெக்டரும் ஸ்பிளைஸும் சேர்ந்து இரண்டு. ஆக வீட்டில் -17 வர வேண்டும். மீட்டர் -26 காட்டினால் ஒன்பது டெசிபல் எங்கோ கசிகிறது. பொதுவாகப் பயன்படும் பி பிளஸ் வகை மோடத்தின் எல்லை -27. இன்னும் ஒரு டெசிபல் போனால், ஒளி போதவில்லை என்று காட்டும் LOS விளக்கு சிவந்துவிடும். அதனால்தான் நகர்த்தினாலே போகிறது.

முதலில் அழுக்கைப் பாருங்கள். ஃபைபரில் ஒளி போகும் மையம் சுமார் 9 மைக்ரான்தான். தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் துகளோ விரல் எண்ணெயோ அதன்மேல் உட்கார்ந்தால் இரண்டு முனைகளும் ஒட்டி அமராது. நடுவில் காற்று இடைவெளி விழும். கடினமான துகளாக இருந்தால், கனெக்டரை அழுத்திச் செருகும்போது கண்ணாடியிலேயே கீறல் போட்டுவிடும், அப்புறம் எத்தனை துடைத்தாலும் சரியாகாது. ஆகவே செருகிப் பார்த்துவிட்டுத் துடைப்பதைவிட, துடைத்துவிட்டுச் செருகுவதே முறை.

சுவர்ப் பெட்டியில் பேட்ச் கார்டைக் கழற்றி, எஸ்சி கனெக்டருக்கான 2.5 மில்லிமீட்டர் பேனா கிளீனரை நேராக வைத்து, 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். ஒன்றிரண்டு முறை போதும். அத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான். அடாப்டருக்குள் நிற்கும் எதிர்முனையையும் பேனாவின் முன்மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே விட்டுத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அழுக்கு துடைத்த முனைக்கே திரும்ப வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நூல் உதிராத துடைப்பானில் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு ஒருமுறை, உடனே உலர்ந்த பகுதியில் ஒருமுறை. ஈரமாக விட்டால் அதுவே கறையாகப் படியும். ஏற்காட்டில் பனிமூட்ட நேரத்தில் கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் முனையில் ஈரம் படியும், அங்கே இந்த உலர் துடைப்பு இன்னும் முக்கியம். வாயால் ஊதுவதும் லுங்கியில் துடைப்பதும் வேண்டவே வேண்டாம். தனியாகக் கிடக்கும் டஸ்ட் கேப்பும் அழுக்குதான். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே வரும் ஒளி அகச்சிவப்பு, எரிவதே தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதாக இருந்தாலும் லைட் வருகிறதா என்று மீட்டரில் முதலில் உறுதி செய்யுங்கள்.

துடைத்தபின் -26 என்பது -22.5 ஆனால் 3.5 டெசிபல் மீண்டது. மிச்சம் 5.5 எங்கே?

இங்கேதான் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு போன் போட்டால் நேரம் மிச்சமாகும். வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. அழுக்கு இரண்டையும் ஏறத்தாழ ஒரேபோல் தின்னும். வளைவு அப்படியில்லை, நீண்ட அலைநீளத்தைத்தான் அதிகம் கசியவிடும். எனவே இந்த வீட்டின் ஒளி எக்ஸ்சேஞ்சில் பக்கத்து வீட்டைவிட ஒன்றிரண்டு டெசிபல் மட்டுமே குறைவாகத் தெரிந்து, வீட்டில் ஐந்துக்கு மேல் குறைந்தால், சந்தேகம் வளைவின்மேல்.

பெரும்பாலும் சுவர்ப் பெட்டிக்குள்தான் கிடைக்கும். மிச்ச ஃபைபரை விரல் பருமனுக்குச் சுற்றித் திணித்து மூடியிருப்பார்கள். பழைய ஜி.652டி ஃபைபருக்கு ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஜி.657ஏ1 வகை 10, ஏ2 வகை 7.5 வரை தாங்கும், அதுவும் ஓரிரு சுற்றுக்குத்தான். எந்த வகை என்று தெரியாவிட்டால் 30-ஐப் பிடித்துக்கொள்வது நல்லது, அதாவது சுற்றின் குறுக்களவு 6 சென்டிமீட்டர். பெட்டியில் அவ்வளவு இடமில்லையென்றால் பெரிய பெட்டி போடுங்கள், ஃபைபரை நசுக்காதீர்கள். ஜன்னல் சட்டத்தில் நசுங்கிய இடமும் இறுக்கிய கேபிள் டையும் ஆணி கிளிப்பும் இதே வேலையைச் செய்யும்.

கண்ணால் பிடிக்க, லைனை இரு பக்கமும் கழற்றிவிட்டுச் சிவப்பு லேசர் பேனாவை விடுங்கள். மஞ்சள் பேட்ச் கார்டில் அதிகம் வளைந்த இடத்தில் உறைவழியே சிவப்பு கசியும். தடித்த கறுப்பு டிராப் கேபிளில் இது தெரியாது, அங்கே கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

சுற்றைத் தளர்த்தியதும் மீட்டரில் -17.5 வந்தால் வேலை முடிந்தது. பெட்டியின் உள்மூடியில் அந்த எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள், அடுத்து வருபவருக்கு ஒப்பிட ஒரு எண் கிடைக்கும்.