செலக்டிவ் கலர்: தமிழில் எஞ்சுநிறம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண ஆல்பம் செய்யும் எங்கள் கடையில் அடிக்கடி கேட்கும் வசனம் இது: "அண்ணே, புடவைய மட்டும் கலர்ல விட்டுட்டு, மத்ததெல்லாம் பிளாக் அண்ட் வைட்டா ஆக்கிடுங்க." நாங்கள் இதை 'செலக்டிவ் கலர்' என்போம். கைபேசிச் செயலிகளில் இதற்கு 'கலர் ஸ்ப்ளாஷ்' என்று பெயர்.

செலக்ட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குத் 'தனியே பொறுக்கி எடு' என்று பொருள். பொருத்தம்தான். ஆனால் ஃபோட்டோஷாப்பில் Selective Color என்ற பெயரில் இருப்பது வேறு கருவி. சிவப்பு, மஞ்சள் என்று ஒரு நிறக் குடும்பத்தைப் பிடித்து, அதிலுள்ள அச்சு மைகளின் அளவைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. பெயரை நம்பி அதைத் திறக்கும் புதுப் பையன்கள் அரை மணி நேரம் திண்டாடுவார்கள். நமக்கு வேண்டியது Black & White என்ற அடுக்கு. அது படம் முழுவதையும் சாம்பலாக்கும். அதன் மறைப்பில், அதாவது மாஸ்க்கில், புடவை இருக்கும் இடத்தில் மட்டும் கருப்புப் பூசினால் அங்கே பழைய நிறம் தெரியும். பாத்தேக் துணியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது அல்லவா, அதே கதைதான்.

ஆகவே 'வண்ணத் தெறிப்பு' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. இங்கே எதுவும் தெறிக்கவில்லை. மற்ற இடத்தில் நிறம் போய், ஓரிடத்தில் மிஞ்சுகிறது. வாடிக்கையாளர் சொல்லும் 'விட்டுட்டு' இதைச் சரியாகச் சொல்கிறது. அதிலிருந்து 'விடுநிறம்' என்று ஆக்கலாம்தான், ஆனால் சாயம் விடுகிற புடவை நினைவுக்கு வந்து கடையே சிரிக்கும். 'எஞ்சுநிறம்' என்பது என் தேர்வு. நிறம் தமிழ்ச்சொல்; வண்ணம் 'வர்ண' என்ற வடசொல்லின் வழி வந்தது என்பார்கள்.

அண்மையில் ஒரு மணப்பெண் படம். மிளகாய்ச் சிவப்புக் காஞ்சிபுரம். அவசரத்தில் மறைப்பு வரையாமல், சிவப்பு நிறத்தையே தேர்ந்தெடுத்து மற்றதைச் சாம்பலாக்கினேன். குங்குமம், உதடு, மருதாணி எல்லாம் சிவப்பாகவே நின்றன. ஜரிகை மட்டும் செத்துச் சாம்பலாகிவிட்டது. அப்புறம் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, புடவையின் வடிவத்தை ஓரம் ஓரமாகக் கையால் வரைந்தேன். ஓரத்தை 200 சதவீதம் பெருக்கிப் பார்த்தால் தவறு தெரியும்: முழங்கையில் தோல் நிறத்தில் ஓர் இழை தெரிந்தால் மறைப்பு வெளியே போயிருக்கிறது; கொசுவ ஓரத்தில் சாம்பல் கோடு இருந்தால் உள்ளே வந்திருக்கிறது.

ஆர்கன்சா மாதிரி மெல்லிய முந்தானைக்கு இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். துணி வழியே தெரியும் கை நிறத்தோடு நிற்கும், துணி முடிந்த இடத்தில் அதே கை சாம்பலாகிவிடும்.